கவுனைப் பட்டுப்பாவாடையா மாத்துறது: விரிவும் கொசுவமும் சரியா வரணும்

மல்லிச்சரம்:
எட்டு வயசுப் பொண்ணோட பார்ட்டி கவுன் ஒண்ணு இருக்கு. மேல் பாகம் பாலியஸ்டர் சாட்டின், உடம்புக்கு நல்லா பொருந்துது. கீழே வட்டமா வெட்டின பாவாடை. அதுக்குள்ள ரெண்டு அடுக்கு நெட், அடியில கொஞ்சமா விரியுற லைனிங், முதுகுல ஜிப். முன்பக்க இடுப்புத் தையல் நடுவுல ஒன்றரை அங்குலம் கூர்மையா இறங்கியிருக்கு.

கையில பழைய பட்டுச்சேலை ஒண்ணு, 46 அங்குல அகலம், ரெண்டு கரையும் 4 அங்குல ஜரிகை பார்டர். பொண்ணுக்கு இடுப்பு 24, இடுப்புல இருந்து கணுக்கால் வரை 28. கவுனோட பாவாடையையே அளவா வெச்சு அதே வட்டத்துல பட்டை வெட்டி மேலே தைச்சுட்டா போதுமா? பார்க்கிறவங்களுக்குப் பட்டுப்பாவாடையாத் தெரியணும், கவுனுக்குப் பட்டு போர்த்தின மாதிரி இருக்கக் கூடாது.

கத்தரிக்கோல்:
வட்டத்தை மறந்துடுங்க. கவுனுக்கு விரிவு வர்றது வெட்டுல. பாவாடைக்கு விரிவு வர்றது கொசுவத்துல. கீழே தரைக்கு இணையா நேர்கோட்டுல பார்டர் ஓடினாத்தான் அது பாவாடை. அதுக்குத் துணி நீளமான செவ்வகமா இருக்கணும், பார்டர் இருக்கிற கரை கீழே வரணும், மேல்பக்கம் கொசுவம் பிடிக்கணும்.

வட்டமா வெட்டினா என்ன ஆகும்னு கணக்குப் போட்டுப் பாருங்க. 24 இடுப்புக்கு நடு ஓட்டையே கிட்டத்தட்ட 4 அங்குல ஆரம். அதோட 28 நீளம் சேர்த்தா ஆரம் 32, குறுக்களவு 64. உங்க சேலை அகலம் 46. ஒட்டுப் போட்டுத்தான் வெட்ட முடியும். அப்படியே வெட்டினாலும் பார்டர் ரெண்டு இடத்துல ஓரத்தைத் தொட்டுட்டு மத்த இடத்துல காணாமப் போயிடும்.

கவுன்ல வெச்சுக்க வேண்டியது மேல் பாகம், லைனிங், ஜிப். வட்டப் பாவாடையை இடுப்புத் தையல்ல பிரிச்சு எடுத்துடுங்க. நெட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அதைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

அம்பர்லா_அனு:
செவ்வகத்துல கொசுவம் வெச்சா இடுப்புல மூட்டை கட்டின மாதிரி தெரியும், குழந்தை குண்டாத் தெரிவா. கலி போட்டுத் தைங்க. பத்து கலி, மேலே 2.4, கீழே 10 அங்குலம். இடுப்புல ஒரு சுருக்கம்கூட இருக்காது, கீழே 100 அங்குல விரிவு கிடைக்கும். பார்டரைச் சேலையில இருந்து தனியா வெட்டி கீழே சுத்தி வெச்சுத் தைச்சுடலாம். நான் லெஹங்கா எல்லாமே இப்படித்தான் தைக்கிறேன்.

தறிக்காரர்:
அனு சொல்வதில் பாதி சரி. கலி போட்டால் இடுப்பில் தடிமன் இருக்காது என்பது உண்மைதான். பார்டர் விஷயத்தில்தான் இடிக்கிறது.

கலியின் அடி ஓரம் நேர்கோடு அல்ல, மெல்லிய வளைவு. நீங்கள் சொன்ன அளவில் அதை நேராக வெட்டினால் ஒவ்வொரு ஒட்டிலும் சுமார் கால் முதல் அரை அங்குலம் வரை முனை கீழே தொங்கும். பத்து ஒட்டு, பத்து முனை. வளைவாக வெட்டினால் பார்டரும் வளைய வேண்டும். ஜரிகை பார்டர் வளையாது, இழுத்தாலும் கொடுக்காது. 4 அங்குல பார்டர் என்றால் அதன் அடி ஓரத்தைவிட மேல் ஓரம் ஒரு கலிக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் குறைய வேண்டும். அந்த மிச்சத்தை ஒவ்வொரு ஒட்டிலும் மடித்துத்தான் உள்ளே தள்ள முடியும். அப்போது பார்டரில் ஓடும் மயிலோ கொடியோ பத்து இடத்தில் சாய்வாக அறுபடும். லெஹங்காவுக்கு அரை அங்குல லேஸ் வைத்தால் இது கண்ணில் படாது. நெய்த பார்டரில் கண்டிப்பாகத் தெரியும்.

கலியின் பக்க ஓரம் இழைக்குச் சாய்வாக வருவதால் பட்டு நாள்பட அங்கே இறங்கும் என்பதும் உண்டு. செவ்வகத்தில் எல்லா இழையும் நேராகத் தொங்கும்.

சேலை பழையது என்கிறீர்கள். வெட்டுவதற்கு முன் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், வழக்கமாக மடித்து வைத்த கோடுகளை முக்கியமாக. மடிப்புக் கோட்டின் இருபுறமும் கட்டைவிரலால் பிடித்து மெதுவாக இழுங்கள். சரசரவென்று சத்தம் வந்து இழை விலகினால் அந்தப் பகுதி கொசுவத்தைத் தாங்காது. உடுத்தும்போது இடுப்பில் உள்ளே போகும் முனைப்பக்கம் பொதுவாக நன்றாக இருக்கும், அங்கிருந்து வெட்டுங்கள். கொஞ்சமாக நைந்திருந்தால் பின்னால் மெல்லிய மல் துணி வைத்து இரண்டையும் ஒரே துணியாகக் கொசுவலாம். ஆனால் தடிமன் கூடும்.

அம்பர்லா_அனு:
பார்டர் அறுபடும்னு சொல்றது புரியுது. ஆனா இடுப்புத் தடிமனுக்கு நீங்க யாரும் பதில் சொல்லலையே?

கத்தரிக்கோல்:
அதுக்குத்தான் துணி எவ்வளவுன்னு முதல்லயே முடிவு பண்ணணும். இடுப்பளவைப் போல மூணு மடங்கு துணின்னா ஒரு கொசுவம் முடியுற இடத்துல அடுத்தது ஆரம்பிக்கும், மேல மேல ஏறாது. நாலு மடங்குன்னா உள்பக்கம் கொஞ்சம் ஏறும், ஆனா மெல்லிய பட்டு தாங்கும், பாவாடையும் நிறைவா இருக்கும். அஞ்சு மடங்குக்குப் போனாத்தான் அனு சொல்ற மூட்டை.

உங்களுக்கு நாலு மடங்கு போதும். 24 × 4 = 96 அங்குலம். ரெண்டு ஓரத்துக்கும் ஒவ்வொரு அங்குலம் தையலுக்கு விட்டா 98, அதாவது இரண்டரை மீட்டர். பட்டு கனமா, ஜரிகைக் கட்டம் நிறைய இருக்கிறதா இருந்தா மூணு மடங்கோட நிறுத்திக்குங்க.

உயரத்துக்கு பார்டரோட அடிக்கரையில இருந்து மேல் நோக்கி அளங்க. நீளம் 28, மேல் தையலுக்கு 1, வளர்றதுக்கு ஒரு மடிப்பு வைக்க 2, ஆக 31. வெட்டுற கோட்டை சாக்பீஸால கண் மதிப்புல போடாதீங்க, ஒரு இழையை உருவி எடுத்து அந்தத் தடத்துல வெட்டுங்க. மிச்சம் 15 அங்குல அகலத்துல இன்னொரு பார்டரோட ஒரு துண்டு இருக்கும், அது சட்டைக்கு. அடிக்கரையை மடிச்சு ஹெம்மிங் பண்ண வேண்டாம், நெசவுக்கரையே பிரியாது.

கொசுவம்: 24 கொசுவம், ஒவ்வொண்ணும் வெளியில 1 அங்குலம் தெரியணும், உள்ளே 3 அங்குலம் போகணும். உள்ள போற 3 மடிஞ்சு ஒன்றரை ஆழமா நிற்கும். மேல் ஓரத்துல பென்சிலால 1, 3, 1, 3ன்னு புள்ளி வெச்சுட்டுப் போங்க. எல்லாம் ஒரே பக்கமா சாயட்டும். குண்டூசியை மேல் அரை அங்குலத்துக்குள்ள மட்டும் குத்துங்க, பட்டுல ஊசி போட்ட ஓட்டை மறையாது.

அப்புறம் இஸ்திரி. கொசுவத்தை மேலிருந்து 4 அங்குலம் மட்டும் அழுத்துங்க. அடி வரைக்கும் அழுத்தினா பள்ளிக்கூட யூனிபார்ம் பாவாடை மாதிரி குழாயா விழும், விரியாது. மேலே மட்டும் அழுத்தினா இடுப்புல படிஞ்சு, அதுக்குக் கீழே தானா திறந்து விரியும். பட்டுக்கு உள்ள சூடு போதும், மேலே ஒரு பருத்தித் துணி போட்டுக்குங்க, தண்ணி தெளிக்காதீங்க, கறை நிக்கும்.

தாவணி_பிரியை:
எனக்கும் இதே பிரச்சினைதான்! என்னோட ரிசப்ஷன் கவுனை பாவாடை தாவணியா மாத்தணும். இடுப்பு 34, ஹிப் 40. மேலே சொன்ன மாதிரி நாலு மடங்கு போட்டு, கொசுவத்தை அஞ்சு அங்குலம் கீழே வரைக்கும் தைச்சு அமுக்கிட்டேன், தட்டையா இருக்கட்டும்னு. ஆனா உட்கார்ந்தா கொசுவம் எல்லாம் வாய் பிளக்குது. குழந்தைக்கும் இப்படி ஆகுமா?

கத்தரிக்கோல்:
குழந்தைக்கு ஆகாதுங்க, எட்டு வயசுல இடுப்புக்கும் ஹிப்புக்கும் அவ்வளவு வித்தியாசம் இருக்காது. மேல் தையல் மட்டும் போதும், கீழே அமுக்கத் தேவையில்லை. உங்க விஷயம் வேற. கொசுவத்தைத் தைச்சு அமுக்கின வரைக்கும் அது 34 அங்குலக் குழாய். உடம்பு அதுக்குள்ளேயே 40 நோக்கி விரிய ஆரம்பிச்சுடுது. ரெண்டு, ரெண்டரை அங்குலத்தோட தையலை நிறுத்துங்க. மீதியைப் பிரிச்சா தையல் ஓட்டை தெரியும்னு பயந்தா, பிரிச்ச இடத்தை நகத்தால மெதுவா இழை ஓட்டத்துல நீவி விடுங்க, பாதிக்கு மேல மறையும். தாவணிக்குத் தனிப் பதிவு போடுங்களேன், இங்க குழம்பிடும்.

மல்லிச்சரம்:
சேலை நல்லாத்தான் இருக்கு, 98 அங்குலம் வெட்டி 24 கொசுவமும் பிடிச்சாச்சு. ஆனா டேப் வெச்சா 26½ வருது! புள்ளி எல்லாம் சரியாத்தான் வெச்சேன். ரெண்டு கொசுவம் கூடுதலா பிடிச்சுச் சரி பண்ணலாமா?

பாபின்:
வேண்டாம். புதுசா ரெண்டு கொசுவம் நுழைச்சா அந்த இடம் மட்டும் நெருக்கமா, தனியாத் தெரியும். ஒரு கொசுவத்துக்கு பத்துல ஒரு பங்கு அங்குலம் கூடினாலே 24 கொசுவத்துக்கு ரெண்டரை அங்குலம் ஆயிடும். மடிப்பு வளைவுலயே துணி கொஞ்சம் போகும், ஊசி குத்துறப்ப கொஞ்சம் நகரும். எல்லாருக்கும் வர்றதுதான்.

எல்லா ஊசியும் எடுக்காம, ஒவ்வொரு கொசுவத்தையும் அந்தப் பத்துல ஒரு பங்கு அங்குலம் மட்டும் உள்ளே தள்ளுங்க. ஆறு கொசுவத்துக்கு ஒரு தடவை டேப் வைங்க, ஆறுக்கு சரியா 6 அங்குலம் இருக்கணும். 6¼ வந்தா அங்கேயே நிறுத்திச் சரி பண்ணிட்டு அடுத்த ஆறுக்குப் போங்க. சரியானதும் மெஷினுக்குப் போகாம கையால ரெண்டு வரிசை ஓட்டுத்தையல், கால் அங்குல இடைவெளியில. ஒரே வரிசைன்னா மெஷின் பாதத்துக்குக் கீழே கொசுவம் சாஞ்சு திரும்பும். ஊசி 11ஆம் நம்பர், புதுசு. முனை மழுங்கின ஊசி பட்டுல இழையை இழுத்துக் கோடு போடும்.

தறிக்காரர்:
புட்டா இருந்தால், அது கொசுவத்தின் வெளி ஓர் அங்குலத்தில் வருகிறதா, உள்ளே போய் மறைகிறதா என்று ஓட்டுத்தையலுக்கு முன் ஒருமுறை எட்ட நின்று பாருங்கள். கணக்கு சரியாக இருந்தும் முன்பக்கம் புட்டாவே இல்லாமல் போவதுண்டு. முதல் கொசுவத்தை ஓர் அங்குலம் தள்ளி ஆரம்பித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மல்லிச்சரம்:
24 வந்துடுச்சு. இப்ப இதை கவுன் மேல் பாகத்தோட இணைக்கணும். முன்னாடி கூர்மையா இறங்குற அந்தத் தையல்லயேவா?

கத்தரிக்கோல்:
அதுல வெச்சா பார்டரும் முன்னாடி ஒன்றரை அங்குலம் இறங்கிடும். பொண்ணுக்கு மேல் பாகத்தைப் போட்டு விட்டு, இடுப்பைச் சுத்தி ஒரு மெல்லிய எலாஸ்டிக் கட்டுங்க, அது தானா இடுப்புக் குழியில உட்காரும். அந்தக் கோட்டைக் குறிச்சு, அதுலதான் பாவாடையைத் தைக்கணும். கூர் உள்ளே மறைஞ்சுடும். சாட்டின் மேல் பாகம் இவ்வளவு பட்டைத் தாங்குறப்ப இழுபடும், அதனால அந்தக் கோட்டுக்கு உள்பக்கம் 24 அங்குலத்துக்கு ஒரு பருத்தி நாடா வெச்சுச் சேர்த்துத் தைங்க.

இங்க ஒரு விஷயம் முக்கியம்: பாவாடையில நீளம் திருத்துறது எல்லாமே மேலேதான், கீழே கிடையாது. குழந்தைக்கு வயிறு கொஞ்சம் முன்னாடி இருக்கும், முன்பக்கம் பார்டர் தூக்கும். அதுக்குத்தான் மேல் தையலுக்கு 1 அங்குலம் விடச் சொன்னேன். முன்னாடி அரை அங்குலம் மட்டும் தையலுக்குள்ள எடுங்க, பக்கவாட்டுல படிப்படியா கூட்டி, பின்னாடி முழு 1 அங்குலம் எடுங்க. போட்டு விட்டு, தரையில நிமிர்த்தி வெச்ச ஸ்கேலால நாலு பக்கமும் பார்டர் எவ்வளவு உயரத்துல இருக்குன்னு அளங்க. நாலும் ஒண்ணா வந்த பிறகு மெஷின்.

பாபின்:
ஜிப்பை மறந்துடாதீங்க. கொசுவம் ஜிப் ஓரம் வரைக்கும் வந்தா அந்த இடத்துல நாலஞ்சு அடுக்கு சேர்ந்து, ஜிப் இடுப்புத் தையலைத் தாண்டாம முரண்டு பிடிக்கும். பலமா இழுத்தா பல் விலகிடும். ஜிப்போட ரெண்டு பக்கமும் முக்கால் அங்குலம் கொசுவம் இல்லாம ஒத்தைத் துணியா விடுங்க. விட்ட ஒன்றரை அங்குலத்தை மத்த கொசுவங்கள்ல பங்கு போட்டுக் கொஞ்சம் நெருக்கிக்கலாம். பட்டோட ரெண்டு ஓரமும் சேர்ற தையல் ஜிப்புக்கு நேர் கீழே வரட்டும், பக்கத்துக் கொசுவம் அதை மூடிக்கும். அந்தத் தையல்ல ரெண்டு பார்டரும் மட்டமா சேருதான்னு கீழே இருந்து மேலே தைச்சுப் போங்க. மேலே இருந்து வந்தா கடைசியில கால் அங்குலம் ஏறி இறங்கி நிற்கும்.

அம்பர்லா_அனு:
சரி, செவ்வகத்தையே ஒத்துக்கிறேன். ஆனா அந்த ரெண்டு அடுக்கு நெட்டையும் உள்ளே அப்படியே விட்டாத்தானே விரிவு வரும்? கேன்கேன் இல்லாம பட்டு காலோட ஒட்டிக்கும்.

கத்தரிக்கோல்:
அந்த நெட் வட்டப் பாவாடைக்காகத் தைச்சது. அதோட அடிச் சுத்தளவு 200 அங்குலம் இருக்கும். இப்ப பட்டோட அடி 96தான். இருநூறு அங்குல நெட்டை உள்ளே அடைச்சா அது வெளியே தள்ளி, கொசுவம் எல்லாம் பிரிஞ்சு தட்டையாகி, பாவாடை முரசு மாதிரி நிற்கும். பார்டரும் வெளிப்பக்கமா சாஞ்சு தூக்கும். கொசுவம் பிடிச்சதே வீணாயிடும். முன்னாடி இருந்து பார்க்கறப்ப கொசுவக் கோடு அடி வரைக்கும் தெரியலைன்னா நெட் அதிகம்னு அர்த்தம்.

ஒரே அடுக்கு போதும், அதுவும் இடுப்புல இருந்து வேண்டாம். லைனிங்ல 8 அங்குலம் கீழே ஒரு கோடு போட்டு, அந்தச் சுத்தளவைப் போல ரெண்டு மடங்கு நெட்டைச் சுருக்கி அங்கே தைங்க. அடியில பார்டருக்கு மேலேயே, தரைப்பக்கம் இருந்து 4 அங்குலம் முன்னாடி நெட் முடிஞ்சுடட்டும். இடுப்பும் பருக்காது, பட்டும் ஒட்டாது. லைனிங் பட்டைவிட ஒரு அங்குலம் குட்டையா இருக்கணும்.

தறிக்காரர்:
என்னைக் கேட்டால் அந்த ஓர் அடுக்கும் தேவையில்லை. அடியில் உள்பக்கம் சேலைக்கு வைப்பது போல ஃபால் வைத்துக் கையால் தைத்தால் அதன் எடையே கொசுவத்தைக் கோடு கோடாக விழ வைக்கும். நெட் வைத்த பட்டுப்பாவாடை எனக்குக் கடைப் பொம்மைக்குப் போட்டது போல்தான் தெரிகிறது. ஃபாலை முந்தின நாளே நனைத்துக் காயவைத்துவிடுங்கள். இல்லையென்றால் முதல் ஈரத்திலேயே சுருங்கி பார்டரை அலை அலையாக இழுத்துவிடும்.

மல்லிச்சரம்:
ஃபால் மட்டும் வெச்சுப் பார்த்துட்டு அப்புறம் நெட்டை முடிவு பண்றேன். அந்த வளர்ற மடிப்பு 2 அங்குலம் எங்க வைக்கணும்? பார்டருக்கு மேலேயா?

கத்தரிக்கோல்:
பார்டருக்கு நேர் மேலே, உள்பக்கமா, 1 அங்குல ஆழத்துல ஒரு மடிப்பு. அது 2 அங்குலத்தை விழுங்கிக்கும். பெரிய தையல்ல போடுங்க, அடுத்த வருஷம் பிரிக்க வசதியா இருக்கும். கொசுவம் பிடிக்கறதுக்கு முன்னாடியே போட வேண்டியது, இப்பவும் போடலாம், ஆனா பாவாடை வட்டமா ஆகிட்டதால கொஞ்சம் கை வலிக்கும்.

தறிக்காரர்:
அங்கே வைத்தால் பிரிக்கும்போது பட்டில் நிறம் மாறிய கோடு நிற்கும். வெளியே தெரிந்த பகுதி வெளுத்து, உள்ளே இருந்தது புதிதாக இருக்கும். இடுப்பில் கூடுதல் துணியை உள்ளே மடித்து வைத்துவிடுவதே மேல்.

கத்தரிக்கோல்:
இடுப்புல வெச்சா பெரிசாக்குறப்ப 24 கொசுவத்தையும் பிரிச்சுப் புதுசாப் பிடிக்கணும், பழைய இஸ்திரிக் கோடு ரெண்டு அங்குலம் கீழே இறங்கித் தெரியும். அந்தக் கோட்டுக்கு இந்தக் கோடு தேவலை. மேலும் பார்டருக்கு மேலே இருக்கிற மடிப்பு அடியை விறைப்பா நிறுத்தும், நீங்களே வேண்டாம்னு சொன்ன நெட்டோட வேலையை அதுவே பாதி பார்த்துடும்.

தறிக்காரர்:
விறைப்பு வரும், ஒப்புக்கொள்கிறேன். நிறக் கோட்டுக்கு இன்னும் பதில் இல்லை.

பாபின்:
வருஷத்துக்கு நாலு தடவை போடுற பாவாடை எவ்வளவு வெளுக்கப் போகுது! அதை விடுங்க, மல்லி, அந்த 15 அங்குலத் துண்டுல சட்டை வெட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு. சட்டை நீளம் இடுப்புத் தையலுக்குக் கீழே ரெண்டு அங்குலம் வந்தாத்தான் சாட்டினும் பட்டும் சேர்ற இடம் மறையும், கையைத் தூக்கினாலும் தெரியாது. துண்டோட நீளவாக்குல கழுத்தை வெச்சா பார்டர் சட்டையோட அடியில வரும், ஆனா தோள்ல இருந்து சட்டை அடி வரைக்கும் 15 அங்குலம் போதுமான்னு பாருங்க. பத்தலைன்னா தோள்பட்டையில ஒட்டுப் போடாதீங்க, முந்திப் பக்கத்துல இருந்து தனியா எடுத்துக்குங்க.

மல்லிச்சரம்:
தோள்ல இருந்து அந்த அளவுக்கு 15½ வருது. முந்தியிலேயே எடுத்துடறேன். பார்டர் துண்டை கைக்கு வெச்சுக்கறேன்.